கல் துப்பாக்கியிலிருந்து கேப் துப்பாக்கிக்கு: மழையும் வெடிமருந்தும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கி மழையில் ஏன் வெடிக்காது? உள்ளே இருக்கும் மருந்து நனைந்துவிடுவதாலா?

பெரும்பாலும் இல்லை. குழலுக்குள் கெட்டித்த மருந்து வெகுநேரம் காய்ந்தேதான் இருக்கும். அதன் மேல் காகிதமும் குண்டும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. சிக்கல் அந்த மருந்துக்கு நெருப்பு போய்ச் சேரும் வழியில் இருக்கிறது.

அந்த வழியைப் பார்ப்போம். குதிரை என்று சொல்லப்படும் வளைந்த கை, தன் வாயில் ஒரு சிக்கிமுக்கிக்கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும். விசையை அழுத்தினால் குதிரை முன்னோக்கிப் பாய்ந்து, நிமிர்ந்து நிற்கும் ஒரு எஃகுத் தகட்டை உரசும். கல் எஃகைச் சீவுவதால் பழுக்கக் காய்ந்த துணுக்குகள் பறக்கும். நாம் பொறி என்று சொல்வது எரியும் இந்த எஃகுத் துணுக்குகளைத்தான். தகட்டுக்குக் கீழே குழலோடு ஒட்டி ஒரு சின்னக் கிண்ணி இருக்கும். அதில் ஒரு சிட்டிகை பொடிமருந்து, அதாவது பற்றுமருந்து. பொறி அதில் விழுந்து அது பற்ற வேண்டும். பிறகு அந்தத் தீ, குழலின் பக்கத்தில் இருக்கும் பற்றுவாய் என்ற சிறு துளை வழியாக உள்ளே நுழைந்து பெரிய மருந்தைக் கொளுத்த வேண்டும்.

இதில் உரசல், பொறி பறத்தல், பற்றுமருந்து எரிதல் எல்லாமே திறந்த வெளியில் நடக்கின்றன. இன்னொரு வேடிக்கை, அந்த எஃகுத் தகடுதான் கிண்ணியின் மூடியும்கூட. கல் வந்து அடிக்கும்போது அது முன்னால் சாய்ந்து கிண்ணியைத் திறந்துவிடுகிறது. திறக்காவிட்டால் பொறி உள்ளே விழாது. ஆக, எந்தக் கணத்தில் மருந்து காய்ந்து இருந்தாக வேண்டுமோ அதே கணத்தில் அது மழைக்குத் திறந்து காட்டப்படுகிறது. தகட்டின் முகத்தில் ஈரம் படிந்திருந்தால் கல் வழுக்கும், பொறியே வராது. பொறி வந்தும் கிண்ணி மருந்து பிசுபிசுத்திருந்தால் பற்றாது.

மழையே பெய்யவில்லை, வானம் மூட்டமாக மட்டும் இருக்கிறது. அப்போதும் தொல்லையா?

ஆம், அந்தத் தொல்லைதான் பலரும் எதிர்பார்க்காதது. முதல் சில குண்டுகள் நன்றாகவே வெடிக்கும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தவறத் தொடங்கும்.

கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு. எரிந்தபின் அது முழுக்கப் புகையாகப் போய்விடுவதில்லை. பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி புகையோடு வெளியே போக, மீதி குழலிலும் கிண்ணியிலும் சாம்பல் நிற மசியாக ஒட்டிக்கொள்கிறது. அந்த மசியில் பொட்டாசியம் கார்பனேட் நிறைய உண்டு. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு ஜாடி எப்படி ஆகும் என்று நமக்குத் தெரியும். கிண்ணியின் அடியிலும் அதேதான் நடக்கிறது. வறண்ட நாளில் அந்த மசி பொருபொருவென்று காய்ந்திருக்கும், கட்டைவிரலால் தட்டிவிடலாம். ஈரக்காற்று நாளில் அதே மசி சில நிமிடங்களில் கறுப்புக் குழம்பாகிவிடும். அதன் மேல்தான் அடுத்த சிட்டிகைப் பொடியைத் தூவுகிறார்கள். தூவியவுடனே சுட்டால் பிடிக்கும். கொஞ்சம் காத்திருந்தால் அடியிலிருந்து ஈரம் ஏறிவிடும்.

அதனால்தான் பழக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு முறையும் கிண்ணியையும் கல்லையும் தகட்டையும் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். நிதானமாக வேட்டையாடுகிறவனுக்கு அது முடியும். எதிரே குதிரைப்படை வரும்போது முடியாது.

ஒரு உறை போட்டு மூடிக்கொண்டால் போதாதா?

போட்டார்கள். கொழுப்புத் தடவிய தோலுறையை விசைப்பகுதியின் மேல் கட்டி வைப்பது ஐரோப்பாவில் வழக்கம். சுடாமல் தூக்கிக்கொண்டு நடக்கும்வரை அது நன்றாக உதவியது. ஆனால் சுட வேண்டுமானால் உறையை எடுத்தாக வேண்டும், கிண்ணி திறந்தாக வேண்டும்.

1813 ஆகஸ்டில் மத்திய ஐரோப்பாவில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இதற்குப் பெரிய சான்று கிடைத்தது. 26-ஆம் தேதி கட்ஸ்பாக் ஆற்றங்கரையில் கொட்டும் மழையில் பிரஷ்யர்களும் பிரெஞ்சுக்காரர்களும் மோதினார்கள். துப்பாக்கிகள் வெடிக்காததால் கட்டையாலும் பயனெட்டாலும் அடித்துக்கொண்டார்கள். மறுநாள் டிரெஸ்டனில் மழையில் நனைந்த துப்பாக்கிகளோடு நின்ற ஆஸ்திரியக் காலாட்படையை முரா தலைமையிலான பிரெஞ்சுக் குதிரைப்படை வாரிக்கொண்டு போனது. சுட முடியாத காலாட்படை, குதிரைப்படைக்கு முன்னால் வேலியில்லாத வயல் மாதிரிதான்.

இதற்குத் தீர்வு கண்டது ஒரு பாதிரியார் என்கிறார்களே?

உண்மைதான். அலெக்சாந்தர் ஃபார்சைத் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பகுதியில் பெல்ஹெல்வி என்ற ஊரின் தேவாலயப் போதகர். ரசாயனத்திலும் வாத்து வேட்டையிலும் ஆர்வம் உள்ளவர். அவருடைய குறை மழையைப் பற்றியது அல்ல, பறவைகளைப் பற்றியது. கிண்ணியில் மருந்து பற்றும்போது குழலுக்கு வெளியே பளிச்சென்று ஒரு வெளிச்சமும் புகையும் எழும். குண்டு அதற்குக் கொஞ்சம் பிந்தித்தான் கிளம்பும். அந்த இடைவெளியில் வாத்து வெளிச்சத்தைப் பார்த்துத் தண்ணீருக்குள் மூழ்கிவிடும்.

வெளிச்சம் தெரியாமல் சுட வேண்டும் என்று தொடங்கியவர், அடித்தால் வெடிக்கும் ரசாயனங்களின் பக்கம் போனார். அப்படிப்பட்ட பொருள்கள் ஏற்கெனவே தெரிந்தவைதான். எட்வர்ட் ஹோவர்ட் 1800-இல் பாதரச ஃபல்மினேட் என்ற உப்பைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதியிருந்தார். இதைக் கரிமருந்துக்குப் பதிலாகக் குழலுக்குள் நேரடியாகப் போட்டவர்கள் துப்பாக்கியையே உடைத்துக்கொண்டார்கள். ஃபார்சைத்தின் புத்திசாலித்தனம், இப்படி அடித்தால் வெடிக்கும் பொருளைக் குண்டைத் தள்ளப் பயன்படுத்தாமல் கரிமருந்தைக் கொளுத்த மட்டும் பயன்படுத்தியது. ஒரு தானிய அளவு போதும், சுத்தியால் ஒரு அடி, அவ்வளவுதான்.

1806-இல் லண்டன் கோபுரக் கோட்டையில் இடம் கொடுத்து அவரை ஆராயச் சொன்னார்கள். பிறகு படைக்கலத் துறையின் தலைமை மாறியது. புதிதாக வந்தவருக்கு இதில் நம்பிக்கை இல்லை, ஃபார்சைத்தை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். அவர் 1807 ஏப்ரலில் காப்புரிமை வாங்கிக்கொண்டு தனியாகத் துப்பாக்கி விற்கத் தொடங்கினார். ஆனால் அவர் செய்தது கேப் எனப்படும் குட்டிச் செப்புத் தொப்பி அல்ல. அத்தர் புட்டி போன்ற ஒரு சுழலும் குப்பி. அதைத் திருப்பினால் சிறிதளவு பொடி ஒரு குழிக்குள் விழும். அழகான வேலைப்பாடு, ஆனால் விலை அதிகம். வெடிக்கும் பொடி நிறைந்த ஒரு குப்பியை முகத்துக்கு அருகில் வைத்துக்கொள்வதும் கொஞ்சம் துணிச்சலான காரியம்தான்.

அப்படியானால் கேப்பைக் கண்டுபிடித்தது யார்?

உரிமை கொண்டாடியவர்கள் பலர். இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன ஜோஷுவா ஷா என்ற ஓவியர் 1814 வாக்கிலேயே செய்ததாகச் சொன்னார், 1822-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். ஜோசப் எக், ஜோசப் மேன்டன் போன்ற லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர்களின் பெயர்களும் அடிபடுகின்றன. ஃபார்சைத் காட்டிய கொள்கையைக் கையாள எளிதாக்கப் பல பட்டறைகளில் ஒரே காலத்தில் முயன்றார்கள் என்று சொல்வதுதான் நியாயம். 1820-களில் செப்புக் கேப் வேட்டைக்காரர்களிடம் நன்கு பரவிவிட்டது.

கேப்புக்குள் என்னதான் இருக்கிறது? தீபாவளிக்குக் குழந்தைகள் சுடும் கேப்பும் இதுவும் ஒன்றா?

அடித்தால் வெடிக்கும் என்ற அளவில் ஒன்று. பொருள் வேறு. தீபாவளி ரோல் கேப்பில் பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும் காகிதப் பொட்டுக்குள் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டுப் படைத் துப்பாக்கிக் கேப் என்பது மெல்லிய செப்பில் செய்த குட்டித் தொப்பி. சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. அதன் உள் உச்சியில் பாதரச ஃபல்மினேட் கலந்த ஒரு துளி அளவு கலவையை அழுத்தி வைத்திருப்பார்கள். அதற்கு மேல் அரக்கு வார்னிஷ் ஒரு பூச்சு, சில வகைகளில் ஒரு மெல்லிய தகடும் கூட. இந்தப் பூச்சை மறந்துவிடாதீர்கள். ஈரத்தை வென்றதில் பாதிப் பெருமை அதற்குத்தான்.

குழலின் பின்முனையில் நிப்பிள் என்று ஒரு சிறு முளை திருகப்பட்டிருக்கும். நடுவில் ஊசித்துளை. அந்தத் துளை நேராக மருந்து இருக்கும் இடத்துக்குப் போகும். கேப்பை அந்த நிப்பிளின் தலையில் தொப்பி போல மாட்டி அழுத்த வேண்டும். குதிரையின் வாயில் இப்போது கல் இல்லை, சுத்தி முகம்தான். அடித்தவுடன் கலவை வெடித்துச் சூடான வாயுவையும் தீயையும் ஊசித்துளை வழியாக உள்ளே பீய்ச்சும்.

சுத்தியின் முகம் தட்டையாக இருக்காது, கிண்ணம் போலக் குழிந்திருக்கும். வெடித்த செப்பு துண்டு துண்டாகச் சிதறிக் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்தக் குழி.

அதே மழை, அதே மருந்து. கேப் மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

கல் துப்பாக்கியில் நெருப்பு வெளியே பிறந்து உள்ளே போக வேண்டியிருந்தது. கேப் துப்பாக்கியில் நெருப்பு பிறக்கும் இடமே மூடிய இடம். செப்புத் தொப்பி நிப்பிளை இறுக்கிப் பிடித்திருப்பதால் மேலிருந்து விழும் மழைத்துளி அதன் முதுகில் வழிந்து கீழே போய்விடும். சுத்தியின் முகத்தில் தண்ணீர் சொட்டினாலும் கவலையில்லை. உரசிப் பொறி எழுப்பும் வேலை அதற்குக் கிடையாது, அடிப்பதுதான் வேலை. ஈரச் சுத்தியும் காய்ந்த சுத்தியும் ஒரே மாதிரிதான் அடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. படைவீரன் துப்பாக்கியைக் கெட்டித்துவிட்டு உடனே சுடுவதில்லை. ஒரு மணி நேரம் நடப்பான், நிற்பான், காத்திருப்பான். கல் துப்பாக்கியில் அந்தக் காத்திருப்பு முழுவதும் கிண்ணி மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஈரமாகிக்கொண்டே இருக்கும். மூடியும் கிண்ணியும் காற்றுப்புகாமல் பொருந்தும் அளவுக்கு அரசாங்கத் துப்பாக்கிகள் நுணுக்கமாகச் செய்யப்பட்டவை அல்ல. கேப் துப்பாக்கியில் ஒரு பக்கம் குண்டு அடைத்திருக்கிறது, மறுபக்கம் கேப் அடைத்திருக்கிறது. மருந்து நடுவில் பத்திரமாக இருக்கிறது. எனக்குப் பட்டவரை கேப்பின் உண்மையான ஆதாயம் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. வேகம், துல்லியம் எல்லாம் பிறகு.

எவ்வளவு வித்தியாசம்? யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

எண்ணினார்கள். 1834-இல் லண்டனுக்கு அருகே வுல்விச்சில் பிரிட்டிஷ் ராணுவம் ஆறு கல் துப்பாக்கிகளையும் ஆறு கேப் துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டது. மழை, வெயில் எல்லா வானிலையிலும் ஒவ்வொரு வகையிலும் 6,000 முறை சுட்டார்கள். கல் துப்பாக்கி ஏறத்தாழ 920 முறை தவறியது. ஆறரை முறைக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். கேப் துப்பாக்கி தவறியது 36 முறை, அதாவது 166-க்கு ஒன்று.

நூறு பேர் கொண்ட ஒரு கம்பெனி ஒரே நேரத்தில் சுடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் துப்பாக்கி என்றால் 15 பேர் வெறுமனே "டிக்" என்ற சத்தத்தோடு நிற்பார்கள். கேப் என்றால் ஒருவர் நிற்கலாம், பல முறை ஒருவர்கூட நிற்கமாட்டார். இது எல்லா வானிலைக்குமான சராசரி என்பதையும் கவனியுங்கள். அடைமழையில் மட்டும் எண்ணியிருந்தால் கல் துப்பாக்கியின் கதை இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

சீனாவில் மதராஸ் சிப்பாய்கள் மழையில் மாட்டிக்கொண்ட கதை நிஜமா?

நிஜம். கேப் துப்பாக்கியின் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சி அது. ஓடியது நம் பக்கத்து ஆட்களின் ரத்தம் என்பது மட்டும் பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

முதல் அபினிப் போர். 1841 மே கடைசியில் சர் ஹியூ காஃப் தலைமையில் பிரிட்டிஷ் படை காண்டன் நகருக்கு வடக்கே இருந்த மேடுகளைப் பிடித்து உட்கார்ந்திருந்தது. அந்தப் படையில் 37-ஆம் மதராஸ் காலாட்படையும் இருந்தது. நகரத்தோடு பணம் பேசிச் சமாதானம் ஆகிவிட்டது. ஆனால் சுற்றுவட்டக் கிராமத்து மக்கள் அதை ஏற்கவில்லை. மே 30-ஆம் தேதி சான்யுவான்லி என்ற ஊர்ப்பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் ஈட்டி, வாள், கொக்கி கட்டிய நீண்ட கழிகளோடு திரண்டார்கள். பிரிட்டிஷார் அவர்களைக் கலைக்கப் பல பிரிவுகளாகப் பிரிந்து வயல்வெளியில் இறங்கினார்கள்.

அன்று பகலெல்லாம் தாங்க முடியாத புழுக்கம். பிறகு இடியோடு மழை கொட்டியது. நெல்வயலும் வரப்பும் தண்ணீரில் ஒன்றாகிவிட்டன, எதிரே இருப்பவரைக்கூடப் பார்க்க முடியவில்லை. திரும்பி வரும்படி உத்தரவு. அந்தக் குழப்பத்தில் ஹேட்ஃபீல்ட் என்ற லெப்டினன்ட்டின் கீழ் இருந்த 37-ஆம் படையின் ஒரு கம்பெனி, சுமார் 60 சிப்பாய்கள், மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிட்டது.

அவர்கள் கையில் இருந்தது கல் துப்பாக்கி. மழையில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அது தெரிந்ததும் கூட்டம் நெருங்கி வந்தது. துப்பாக்கியும் பயனெட்டும் சேர்ந்த நீளத்தை விட அவர்களுடைய ஈட்டி நீளம். கொக்கிக் கழியால் வரிசையிலிருந்து ஆளையே இழுக்கவும் பார்த்தார்கள். சிப்பாய்கள் சதுரமாக நின்று, நான்கு பக்கமும் பயனெட்டை நீட்டிக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள்.

மழை சற்று ஓய்ந்தபோது அவர்கள் செய்ததைக் கேளுங்கள். நனைந்த தோட்டாக்களைக் குழலிலிருந்து எடுத்துவிட்டு, வயலில் கிடந்த தண்ணீரையே குழலுக்குள் ஊற்றிக் கழுவினார்கள். பிறகு தலைப்பாகையின் உள் துணியைக் கிழித்துத் துடைத்தார்கள். உடம்பிலேயே காய்ந்திருந்தது அது ஒன்றுதான். அப்படிச் சில துப்பாக்கிகளை உயிர்ப்பித்து நாலைந்து முறை சுட்டார்கள், கூட்டம் பின்வாங்கியது. மறுபடி மழை பிடித்துக்கொண்டது. துப்பாக்கிகள் மறுபடி ஊமையாயின. கூட்டம் மறுபடி வந்தது.

கம்பெனியைக் காணவில்லை என்று தெரிந்ததும் காஃப் தேடி அனுப்பிய பிரிவில் ராயல் மரைன்ஸின் இரண்டு கம்பெனிகள் இருந்தன. காரணத்தோடுதான் அவர்களை அனுப்பினார். அவர்களிடம் கேப் துப்பாக்கிகள் இருந்தன. இருட்டிய பிறகு, மழைக்கு நடுவில் சத்தம் வைத்து அந்தச் சதுரத்தைக் கண்டுபிடித்தார்கள். சில முறை சரமாரியாகச் சுட்டதும் கூட்டம் கலைந்தது. சிப்பாய்களில் ஒருவர் இறந்திருந்தார். ஒரு அதிகாரியும் 14 சிப்பாய்களும் காயமடைந்திருந்தார்கள்.

சீனாவில் இந்த நாள் வேறு விதமாக நினைவுகூரப்படுகிறது. அன்னியப் படையை எதிர்த்து எழுந்த ஊர்மக்களின் வெற்றியாகச் சான்யுவான்லியைப் பள்ளிப் பாடத்தில் படிக்கிறார்கள். அதுவும் பொய்யில்லை. மழை ஒரு பக்கத்தின் துப்பாக்கியை அணைத்துவிட்டதும் ஈட்டியும் எண்ணிக்கையும் சட்டென்று மதிப்புப் பெற்றன. இரு பக்கத்துக்கும் இடையே இருந்த ஆயுத வித்தியாசம் ஒரு சிட்டிகைப் பொடி காய்ந்திருப்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் கேப் துப்பாக்கி மழையில் தவறவே தவறாதா?

தவறும். அந்த 36 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் எல்லை புரிந்துவிடும்.

கேப் பாதுகாப்பது நெருப்பின் வழியை மட்டும்தான். கெட்டிக்கும்போது நிலைமை பழையபடிதான். காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து மருந்தைக் குழல்வாய் வழியாகக் கொட்ட வேண்டும். அந்த நேரத்தில் மழை கொட்டினால் தண்ணீரும் சேர்ந்தே போகும். குழல்வாயை மேல்நோக்கிப் பிடித்தபடி மழையில் நடந்தாலும் குண்டின் ஓரமாகத் தண்ணீர் இறங்கலாம். அதனால் வாயைக் கீழ்நோக்கிப் பிடிப்பதும், மரத்தக்கை அடைப்பதும் வழக்கத்தில் இருந்தன. தோட்டாப் பை நனைந்துவிட்டாலும் கேப்பால் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கே கோளாறு என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். சுத்தி விழுந்து கேப்பே வெடிக்கவில்லை என்றால், கேப் சரியாக அமரவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். முதல் அடி அதை நிப்பிளில் இறக்கி உட்கார வைப்பதிலேயே செலவாகிவிடும். இரண்டாம் அடியில் வெடித்தால் அதுதான் காரணம். இரண்டாம் அடிக்கும் வெடிக்காவிட்டால் கேப் ஈரமாகியிருக்கிறது, அல்லது சுத்தியின் வில் தளர்ந்திருக்கிறது. வேறொரு கேப்பைப் போட்டுப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரியும்.

கேப் "பட்" என்று வெடித்து, குண்டு கிளம்பவில்லை என்றால் நிப்பிளுக்குக் கீழே பாருங்கள். ஊசித்துளையில் மசி அடைத்திருக்கும், அல்லது துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் ஊறி மருந்தை நனைத்திருக்கும். மழையை விட எண்ணெய்தான் இதற்கு அதிகக் காரணம் என்பது கொஞ்சம் சங்கடமான உண்மை. அதற்காகவே அந்தக் காலத்து வீரர்கள் முதல்முறை கெட்டிக்கும் முன்பு காலித் துப்பாக்கியில் ஒன்றிரண்டு கேப்பை வெடித்துப் பார்ப்பார்கள். குழல்வாயைத் தரையில் இருக்கும் ஒரு புல்லின் அருகே பிடித்துக்கொண்டு வெடித்தால், வழி திறந்திருந்தால் புல் அசையும். அசையாவிட்டால் எங்கோ அடைப்பு.

மூன்றாவது வகை எல்லாவற்றிலும் ஆபத்தானது. கேப் வெடித்துச் சற்றுத் தாமதித்துக் குண்டு கிளம்புவது. பாதி ஈரமான மருந்து உள்ளே கனன்றுகொண்டே இருந்து பிறகு பற்றும். அதனால் வெடிக்காத துப்பாக்கியைக் கீழே இறக்கி வாய்க்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். இந்த விதி இரு வகைத் துப்பாக்கிக்கும் பொது.

இருந்த லட்சக்கணக்கான கல் துப்பாக்கிகளை என்ன செய்தார்கள்?

பெரும்பாலும் மாற்றிக்கொண்டார்கள். குழல், கட்டை, விசை, உள்ளிருக்கும் வில் எதையும் தொட வேண்டியதில்லை. எஃகுத் தகட்டையும் கிண்ணியையும் கழற்றிவிட்டு, பற்றுவாய் இருந்த இடத்தில் நிப்பிளைத் தாங்கும் ஒரு உருளையைத் திருகி, கல்லைக் கவ்வும் குதிரைக்குப் பதில் சுத்தியை மாட்டினால் முடிந்தது. ஊர்க் கொல்லரே செய்யக்கூடிய வேலை.

அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கியைப் பார்க்கும்போது இதைக் கண்டுபிடிப்பது நல்ல விளையாட்டு. சுத்தி இருக்கும், ஆனால் பக்கத் தகட்டில் காரணமில்லாமல் சில திருகுத்துளைகள் அடைக்கப்பட்டிருக்கும், மேல் விளிம்பில் அரைவட்டமாக ஒரு வெட்டு தெரியும். கிண்ணி உட்கார்ந்திருந்த இடம் அது. அப்படிப்பட்டது கல்லாகப் பிறந்து கேப்பாக மாறிய துப்பாக்கி.

இவ்வளவு நல்லதென்றால் ராணுவங்கள் ஏன் முப்பது ஆண்டு தாமதித்தன?

வேட்டைக்காரர் ஒருவர் கேப் தீர்ந்தால் கடைக்குப் போவார். படைக்கு அது முடியாது. சிக்கிமுக்கிக்கல் எங்கும் கிடைக்கும், உடைத்துக் கூராக்கத் தெரிந்தால் போதும். கேப் தொழிற்சாலையில் மட்டும்தான் உண்டாகும். அது வந்து சேராவிட்டால் கையில் இருப்பது வெறும் தடி. தவிர அவ்வளவு சின்னப் பொருளைக் குளிரில் விறைத்த விரலால் எடுத்து மாட்டுவது கஷ்டம் என்பதும் நியாயமான புகார். படைக் கேப்பின் விளிம்பைப் பிரித்து மடக்கி, கையால் பிடிக்க வசதியாக மேற்கத்தியத் தொப்பி போலச் செய்தது அதற்காகத்தான். சில தளபதிகள் கடைசிவரை மனம் மாறவில்லை. அமெரிக்க ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட் 1847 மெக்சிகோ படையெடுப்பில்கூடக் கல் துப்பாக்கியைத்தான் நம்பினார்.

பிரிட்டன் 1830-களின் கடைசியில் மாறத் தொடங்கி, 1842 மாதிரித் துப்பாக்கியோடு முழுமையாகக் கேப்புக்குப் போனது. அமெரிக்காவும் அதே ஆண்டு மாதிரியில் மாறியது.

கேப் துப்பாக்கியைச் சுத்தம் செய்வது எளிதா?

இல்லை, ஒரு விதத்தில் கூடுதல் வேலை. கேப் கலவையில் சேரும் பொட்டாசியம் குளோரேட் எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடாக மிஞ்சும். அது சமையல் உப்பின் உடன்பிறப்பு. உப்பும் ஈரமும் இரும்பில் பட்டால் என்ன ஆகும் என்று கடற்கரை ஊரில் ஜன்னல் கம்பி வைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயால் துடைத்தால் உப்பு போகாது. தண்ணீர்தான் வேண்டும், வெந்நீர் என்றால் இன்னும் நல்லது. அன்றே கழுவி, நன்றாகக் காயவைத்து, பிறகு எண்ணெய். தள்ளிப்போட்டால் முதலில் அரிபடுவது நிப்பிள். அதன் ஊசித்துளை அகன்றுவிட்டால் வெடிக்கும்போது வாயு பின்னோக்கிச் சீறி, சுத்தியையே தூக்கி அடிக்கும். சுட்டபின் சுத்தி தானாகப் பின்னால் போய் நிற்கிறதென்றால் நிப்பிளை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

நம்மூர் நாட்டுத் துப்பாக்கி, இலங்கையின் இடியன் துவக்கு எல்லாம் எந்த வகை?

பெயரே சொல்கிறது. இடித்துக் கெட்டிப்பதால் இடியன். குழல்வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் இடிக்கும் துப்பாக்கி அது. காட்டோர ஊர்களில் பயிர் காக்கவும், நரிக்குறவர்கள் பறவை சுடவும் வைத்திருந்தவையும் பெரும்பாலும் கேப் வகைதான். மழைக்காலத்தில் பன்றி வயலில் இறங்கும் ஊரில் கிண்ணியைத் திறந்துவைத்துக் காவல் காக்க முடியாது. இந்தியாவில் இதற்கும் உரிமம் வேண்டும். 1959 ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கான வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைத் தனியாகவே குறிப்பிடுகிறது. தாத்தா காலத்துப் பொருள் பரணில் கிடக்கிறது என்றால் உள்ளே மருந்து கெட்டித்தபடியே இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு, அது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று வெளியே வைத்து அளந்து பாருங்கள். வாய் எதிரே முகத்தையும் கையையும் வைக்காதீர்கள். கம்பி நிப்பிள் இருக்கும் இடத்துக்கு நாலு விரல் முன்பே நின்றுவிட்டால், யாரோ எப்போதோ கெட்டித்துவிட்டுச் சுடாமல் விட்டிருக்கிறார்கள். அதை அப்படியே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அறுபது ஆண்டு பழைய மருந்தானாலும், காய்ந்திருந்தால் அது மருந்துதான்.